புதுச் செம்பருத்தியைத் தனியா வைக்கணும், ஆனா முற்றத்தை விட்டா வெளிச்சம் இல்ல

முற்றத்துச்செடி | ஆகஸ்ட் 23, இரவு 9.10

கானாடுகாத்தான்லேர்ந்து எழுதுறேன். எங்க வீட்டு முற்றத்துல நாற்பது தொட்டி இருக்கு. இட்லிப்பூ, குரோட்டன்ஸ், மணி பிளான்ட், ரெண்டு பழைய செம்பருத்தி. போன வருஷம் ஒரு நர்சரியில (பேரு வேண்டாம்) ஒரு குரோட்டன்ஸ் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. நேரா நடுவுல கொண்டுபோய் வச்சேன். ரெண்டு மாசத்துல முற்றம் முழுக்க வெள்ளைப் பஞ்சு. பதினோரு தொட்டியைக் குப்பையில போட்டோம். அதுல ஒண்ணு அப்பத்தா கையால வச்ச இட்லிப்பூ. இப்பவும் அதைச் சொன்னா வீட்ல பேச்சு நின்னுரும்.

இன்னைக்கு மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன், கறுப்புப் பையில, ஆறு மொட்டோட. இந்தத் தடவை தனியா வச்சுப் பார்த்துட்டுத்தான் சேர்க்கணும்னு இருக்கேன். பிரச்சினை என்னன்னா வளவுக்குள்ள வெயில் படுற இடம் முற்றம் மட்டும்தான். மத்த இடமெல்லாம் தூணும் இருட்டும். மொட்டை மாடியில வச்சா கொதிச்சுரும். எங்க வைக்கிறது, எத்தனை நாள் வைக்கிறது?

தேவகோட்டைத்_தெரு | ஆகஸ்ட் 23, இரவு 9.32

இதுக்கெல்லாம் நாள் கணக்கு வேண்டாங்க. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து மூணு நாள் அடிங்க, நாலாம் நாள் உள்ள வச்சுருங்க. நான் பத்து வருஷமா அப்படித்தான் பண்றேன், ஒண்ணும் வந்ததில்ல. அதோட நர்சரியிலயே மருந்து அடிச்சுத்தான் அனுப்புவாங்க. கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

இட்லிப்பூ | ஆகஸ்ட் 23, இரவு 10.05

ஆமாம்மா, புதுச் செடியை வந்த உடனே வெயில்ல வைக்கவே கூடாது. ஒரு வாரம் நிழல்ல வச்சு, அப்புறம் காலை வெயில், அப்புறம் முழு வெயில். எங்க ஆயா அப்படித்தான் பழக்குவாக. பள்ளத்தூர்ல எங்க வீட்ல ஒரு மல்லிகை வந்த மூணாம் நாளே இலையெல்லாம் கொட்டிருச்சு, பயந்துட்டேன். நிழல்ல வச்சதும் துளிர்த்துருச்சு. பொறுமையா பழக்கு.

செம்மண்காரர் | ஆகஸ்ட் 24, காலை 6.15

தோட்டக்கலைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். குன்றக்குடிப் பக்கம் இருக்கிறேன்.

ஆச்சி சொல்வது செடியை வெயிலுக்குப் பழக்குவது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் தங்கச்சி கேட்பது பூச்சிக்காகத் தனியே வைப்பதை. ரெண்டும் ஒரே நாட்களில் நடப்பதால்தான் குழப்பம் வருகிறது. இடம் மாறிய அதிர்ச்சியில் கொட்டும் இலை பெரும்பாலும் அடியில் இருக்கும் பழைய இலை, மஞ்சளாகி விழும். கொழுந்து சுருண்டால், கொழுந்து இலையின் பின்புறம் சொரசொரப்பாக இருந்தால், இலையில் பிசுபிசு என்று ஒட்டினால், அது அதிர்ச்சி இல்லை.

இப்போது இடத்துக்கு வருவோம். நம் செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும். கதவுகள் திறந்திருந்தால் அந்த நேர்கோட்டில் காற்று ஓடும். போன வருடம் உங்கள் முற்றத்தில் வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்தது மாவுப்பூச்சி. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூசி அளவு. அதற்கு இறக்கை கிடையாது, தூரமாகப் போவது காற்றில்தான். ஆடி, ஆவணியில் நமக்கு மேல்காற்று, மேற்கிலிருந்து வீசும். ஆகவே கிழக்குப் பார்த்த வீட்டில் பின்கட்டில் வைத்தால் அங்கிருந்து புறப்படும் காற்று முற்றத்தைத் தாண்டித்தான் முன்வாசலுக்குப் போகும். இப்போதைக்கு முகப்புத் திண்ணையின் ஓரம்தான் சரியான இடம். கிழக்குப் பார்த்த வீடாக இருந்தால் காலை வெயிலும் கிடைக்கும். செம்பருத்திக்கு அது குறைவுதான், பூ குறையும், செடி சாகாது.

முற்றத்துச்செடி | ஆகஸ்ட் 24, காலை 7.40

ஐயா, கிழக்குப் பார்த்த வீடுதான். காத்துப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்ல. பின்கட்டுலதான் வைக்க இருந்தேன், அங்க யாரும் போறதில்லன்னு. திண்ணைக்கு மாத்திட்டேன். இப்ப மருந்து அடிக்கணுமா வேண்டாமா?

செம்மண்காரர் | ஆகஸ்ட் 24, காலை 8.20

அடிக்க வேண்டாம். தேவகோட்டை நண்பர் கோபிக்க வேண்டாம், அவர் சொன்னதில் பாதி சரி. வேப்பெண்ணெய் குஞ்சுகளைக் கட்டுப்படுத்தும். ஆனால் மாவுப்பூச்சி முட்டையைப் பஞ்சுப் பைக்குள் வைத்து மெழுகு பூசி விடுகிறது. அந்தப் பை மேல் எண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடும். இந்த வெயிலில் முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள். நீங்கள் மூன்று நாள் அடித்து நாலாம் நாள் உள்ளே வைக்கும்போது முட்டை பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பத்து வருடம் ஒன்றும் வரவில்லை என்றால் நல்ல இடத்தில் செடி வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

நர்சரியில் மருந்து அடிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். எனக்குப் பெரிய கவலையே அதுதான். வேரில் ஊற்றும் மருந்து செடிச் சாற்றில் சில வாரம் நிற்கும். அதுவரை செடி பளபளவென்று இருக்கும், ஒரு பூச்சி தெரியாது. அதன் வீரியம் குறையும் நேரத்தில்தான் எங்கோ இடுக்கில் பிழைத்த ஒன்றிரண்டு பெருகும். போன வருடம் உங்கள் குரோட்டன்ஸ் ரெண்டு மாதம் கழித்து வெடித்ததற்கு இது காரணமாக இருக்கலாம். இப்போது நாமும் மருந்து அடித்தால் இன்னும் ஒரு திரையைப் போட்டுக்கொள்கிறோம். நமக்கு வேண்டியது, பூச்சி இருந்தால் அது வெளியே தெரிவது.

இன்று மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, செடியைச் சாய்த்துப் பிடித்து இலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அடுத்து, பையைக் கிழித்து மண்கட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். வேரோரம் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை இருந்து, தண்ணீர் ஊற்றினால் அதன் மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டால் அது வேர் மாவுப்பூச்சி. நம் ஊர் உப்புத் தண்ணீரின் காறையும் வெள்ளைதான், ஆனால் அது நகத்தால் கீறினால் பொருக்காக வரும், தண்ணீரை உருட்டாது. கடைசியாக, எல்லா மொட்டையும் கிள்ளி விடுங்கள்.

முற்றத்துச்செடி | ஆகஸ்ட் 24, மாலை 6.50

கழுவிட்டேன். வேர் சுத்தமா இருக்கு, பழுப்பு நாரும் தேங்காய் நார்த்தூளும்தான். மண் தொட்டிக்கு மாத்திட்டேன்.

மொட்டு மட்டும் கிள்ள மனசு வரல ஐயா. ரெண்டு நாளைக்குள்ள விரியிற மாதிரி இருக்கு. நாள் எத்தனைன்னு நீங்க சொல்லவே இல்லயே?

செம்மண்காரர் | ஆகஸ்ட் 24, மாலை 7.30

சிலந்திப்பேன், இலைப்பேன் இரண்டும் இந்தச் சூட்டில் வேகமாகப் பெருகும். இருந்தால் ரெண்டு மூன்று வாரத்துக்குள் இலை சொல்லிவிடும். மாவுப்பூச்சிக்கு அது போதாது. முட்டை பொரிந்து, குஞ்சு தாயாகி, அது பஞ்சு கட்டிக் கண்ணுக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் செம்பருத்தி, குரோட்டன்ஸ் மாதிரிச் செடிகளுக்கு நான் ஆறு வாரம் வைக்கிறேன். அந்த ஆறு வாரமும் வாங்கிய நாளிலிருந்து இல்லை. கடைசியாகப் பூச்சியைக் கண்ட நாளிலிருந்து.

மொட்டைக் கிள்ளாதது தப்பு. வற்புறுத்தவில்லை.

பதியன் | ஆகஸ்ட் 24, இரவு 9.15

காரைக்குடியில வீட்டோட சின்னதா செடி விக்கிறேன். நர்சரிக்காரன் பக்க நியாயத்தையும் ஒருத்தன் சொல்லணும்ல.

எங்களுக்கு ஆந்திரா கடியத்துலேர்ந்து லோடு வரும். லாரியில செடி மேல செடியா அடுக்கி, தார்ப்பாய் போட்டு, ராத்திரி பகலா ஓட்டிட்டு வருவாங்க. அங்க ஏறும்போது சுத்தமா இருந்த செடிகூட இங்க இறங்கும்போது பக்கத்துச் செடியோட பூச்சியை வாங்கிட்டுத்தான் இறங்கும். இறங்கின செடி பத்து நாள்ல வித்தாகணும். ஆறு வாரம் வச்சுப் பார்த்தா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். அதனால வந்த அன்னைக்கே எல்லாத்துக்கும் வேர்ல இமிடாகுளோப்ரிட் ஊத்திருவேன். ஒளிச்சு மறைச்சுப் பண்ணல, கேட்டா சொல்லுவேன். வீட்ல வச்சிருக்கவங்களும் அதே மாதிரி ஒரு தடவை ஊத்திட்டு நிம்மதியா இருக்கலாம்ங்கிறது என் கருத்து. காத்துப் பக்கம் பார்த்து, வேரைப் பார்த்து, இதெல்லாம் ஓய்வு பெத்தவங்களுக்குச் சரி.

செம்மண்காரர் | ஆகஸ்ட் 25, காலை 6.05

தம்பி உள்ளதைச் சொன்னதுக்கு நன்றி. உங்கள் வியாபாரத்தில் வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். ரெண்டே விஷயம். அந்த மருந்து சிலந்திப்பேனைக் கொல்லாது. அதை ஊற்றிய செடியில் சிலந்திப்பேன் கூடுதலாகப் பெருகுவதையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, செம்பருத்திக்குத் தேன்சிட்டும் தேனீயும் வரும், வீட்டில் பூவைப் பறித்துக் கூந்தல் எண்ணெய் காய்ச்சுவார்கள், சிலர் தின்னவும் செய்வார்கள். அந்தச் செடியின் சாற்றில் மருந்தை ஏற்றி வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடல்தாண்டி | ஆகஸ்ட் 25, காலை 9.48

சிங்கப்பூர்ல இருக்கேன், பூர்வீகம் தேவகோட்டை. நான் புதுச் செடியைப் பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள்ள வச்சு வாயைக் கட்டிருவேன். ஏசி ரூம்ல ஆர்க்கிட் மூணு வாரம் அப்படியே இருந்துச்சு, சிலந்திப்பேன் அதுக்குள்ளயே மாட்டிக்கிச்சு, மத்த செடிக்குப் போகல. காத்து பத்திக் கவலையே வேண்டாம்.

போன லீவுக்கு வந்தப்ப அம்மாவுக்கு ஒரு குரோட்டன்ஸ் வாங்கி அதே மாதிரி கட்டித் திண்ணையில வச்சேன். காலை வெயில் ஒரு மணி நேரம்தான் பட்டுச்சு. மதியம் பார்த்தா கீரை வேக வச்ச மாதிரி கிடந்துச்சு. அதனால ஊர்ல இதைச் செய்யாதீங்க. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

முற்றத்துச்செடி | செப்டம்பர் 2, காலை 8.25

பதினோராம் நாள். இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் காலையில திண்ணைத் தூண் வழியா ஒரு எறும்புச் சாரை, நேரா தொட்டிக்குள்ள ஏறிப் போகுது. இலையைப் புரட்டிப் பார்த்தேன், ஒண்ணும் தெரியல. வெள்ளைக் காகிதத்தைக் கீழ பிடிச்சு இலையைத் தட்டிப் பார்த்தேன், தூசிதான் விழுந்துச்சு, எதுவும் ஊர்ந்து போகல. சும்மா எறும்புதானா?

செம்மண்காரர் | செப்டம்பர் 2, காலை 8.40

எறும்பு வேலை இல்லாமல் ஏறாது. பெரும்பாலும் பூச்சி கழிக்கும் தேன் மாதிரிப் பிசினைக் குடிக்கத்தான் வரும். சாரை எந்த இடத்தில் முடிகிறது என்று பாருங்கள். மொட்டுகளை முதலில் பாருங்கள்.

முற்றத்துச்செடி | செப்டம்பர் 2, காலை 9.30

ஐயா, மொட்டுதான்.

ரெண்டு பூ விரிஞ்சு விழுந்துருச்சு, மிச்சம் நாலு மொட்டு இருக்கு. எங்க ஐயா வைரம் பார்க்க வச்சிருந்த லென்ஸ் பெட்டகத்துல கிடந்துச்சு, அதை எடுத்துட்டு வந்து பார்த்தேன். மொட்டுக்கு அடியில பச்சை விரல் மாதிரி சின்னச் சின்ன இதழ் சுத்தி நிக்கும்ல, வெறும் கண்ணுக்கு அது சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரு ஊசியால அதை விரிச்சேன். உள்ள, காம்பை ஒட்டி, அரிசிக் குருணை அளவுக்குப் பஞ்சு. பஞ்சைத் தொட்டா நூல் மாதிரி இழுபடுது. அதைச் சுத்தி மஞ்சளா, முள்ளு முனை அளவுல பத்துப் பதினஞ்சு ஊருது. நாலு மொட்டுல மூணுல இருக்கு.

அன்னைக்கே கிள்ளியிருக்கணும்.

தேவகோட்டைத்_தெரு | செப்டம்பர் 2, காலை 9.52

சரி, நான் ஒத்துக்கிறேன். நான் மொட்டுக்குள்ள பார்த்ததே இல்ல. இப்ப வேப்பெண்ணெய் அடிக்கலாம்ல?

செம்மண்காரர் | செப்டம்பர் 2, காலை 10.10

இப்போது அடிக்கலாம், கண்டுபிடித்துவிட்டோமே.

முதலில் நாலு மொட்டையும், நுனிக் கொழுந்தில் ரெண்டு அங்குலத்தையும் வெட்டி, ஒரு கவரில் போட்டுக் கட்டி, அதை வெயிலில் வையுங்கள். குப்பையில் அப்படியே போடாதீர்கள், குஞ்சு நடந்து வெளியே வரும். இலைக் காம்பு தண்டோடு சேரும் ஒவ்வொரு கணுவிலும் காது குடையும் பட்ஸை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடையுங்கள். வெயில் இறங்கிய பிறகு செய்யுங்கள், முதலில் ஒரு இலையில் வைத்துக் கருகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாலை வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு. போர்த் தண்ணீரில் கலக்காதீர்கள். நம் ஊர்த் தண்ணீரில் சோப்பு திரிந்து தயிர் மாதிரி மிதக்கும், எண்ணெய் தனியே பிரிந்துவிடும், அப்புறம் எண்ணெய் மொத்தமாக ஒரு இலையில் விழுந்து அதை மட்டும் பொசுக்கும். மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது. ஆறேழு நாளைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. பொரிய இருக்கும் முட்டைகளுக்காகத்தான் இந்த இடைவெளி.

இன்னொரு சின்ன வேலை. ரெண்டு பூச்சியை ஒரு பாட்டில் மூடியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வையுங்கள். நாளை அதன் நிறத்தைச் சொல்லுங்கள்.

இட்லிப்பூ | செப்டம்பர் 2, பகல் 12.20

எறும்புக்கு நான் சொல்றேன். பலகாரம் வச்ச அலமாரிக்கு நாலு காலுக்கும் கல்லுக் கிண்ணம் வச்சுத் தண்ணி ஊத்துவோம்ல, அது உங்க வீட்லயும் கிடக்கும். ஒரு முக்காலி எடுத்து மூணு காலையும் அந்தக் கிண்ணத்துல வச்சு, செடியை முக்காலி மேல வைம்மா. எறும்பு எப்படி ஏறும்னு பார்க்கிறேன்.

செம்மண்காரர் | செப்டம்பர் 2, பகல் 12.45

ஆச்சி சொன்னது நான் சொல்ல வேண்டியது, மறந்துவிட்டேன். ஒரு கிளையும் தூணில் படக்கூடாது, பட்டால் அதுவே பாலம். கிண்ணத்துத் தண்ணீரை ரெண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூச்சியைத் தடுக்கப்போய் டெங்குக் கொசுவை வளர்ப்போம்.

முற்றத்துச்செடி | செப்டம்பர் 3, காலை 7.15

நேத்து சாயங்காலம் ஒரு மழை. முற்றத்துக் கூரையிலேர்ந்து விழுற தண்ணியை அண்டாவுல பிடிச்சு வச்சுட்டேன், அதுலதான் இன்னைக்கு எண்ணெய் கலக்கப் போறேன். கல்லுக் கிண்ணம் மூணு கிடைச்சது, ஆச்சிக்கு நன்றி.

மூடியில போட்ட பூச்சி கருநீலமா மாறியிருக்கு, மை தொட்ட மாதிரி.

செம்மண்காரர் | செப்டம்பர் 3, காலை 8.00

அப்படியானால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்பிரிட்டில் நீலம் பாரிப்பது அந்த வகையின் அடையாளம். 2008-ல் கோவைப் பக்கம் முதலில் தெரிந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி இன்றும் நம் தோட்டங்களில் இருக்கிறது. மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகி ஓடு மாதிரி கெட்டியாகச் செத்துக் கிடந்தால் அதன் வேலை. முற்றத்துச் செடிகளுக்குக் கண்டபடி மருந்து அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் திண்ணைச் செடிக்குக் குளவி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. துடையுங்கள்.

உங்கள் முற்றத்தில் பழைய செம்பருத்தி ரெண்டு இருக்கிறது என்றீர்கள். இந்தப் பூச்சி முதலில் தேடிப்போகும் இடம் அதுதான். ஆகவே காலையில் முற்றத்துக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு கடைசியாகத் திண்ணைக்கு வாருங்கள், திரும்பி உள்ளே போகாதீர்கள். செடிக்கு என்று ஒரு குவளை, ஒரு கத்தரி தனியாக இருக்கட்டும். சேலைத் தலைப்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முற்றத்துச்செடி | செப்டம்பர் 9, மாலை 5.40

ரெண்டாவது தடவை எண்ணெய் அடிக்கப் போகும்போது லென்ஸ் வச்சுப் பார்த்தேன். மூணாவது கணுவுல ரெண்டு குஞ்சு. துடைச்சுட்டேன். எறும்பு இல்ல. அப்ப ஆறு வாரம் இன்னைக்கு முதல் நாளா? அக்டோபர் 21 ஆகுதே.

செம்மண்காரர் | செப்டம்பர் 9, மாலை 6.15

ஆமாம். கண்ட நாள்தான் முதல் நாள்.

பதியன் | செப்டம்பர் 9, இரவு 8.30

என்கிட்ட வாங்கியிருந்தா வேர்ல ஊத்தி முடிஞ்சிருக்கும். சும்மா சொன்னேன்.

முற்றத்துச்செடி | செப்டம்பர் 13, இரவு 10.20

நடக்கக் கூடாதது நடந்துருச்சு. இன்னைக்கு உறவுக்காரங்க வந்தாங்க, முற்றத்துல உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்காங்க. எங்க அத்தை, "புதுச் செடி பாவம், திண்ணையில ஒத்தையா நிக்குது"ன்னு சொல்லித் தூக்கிட்டுப் போய் குரோட்டன்ஸுக்கும் இட்லிப்பூவுக்கும் நடுவுல வச்சுருக்காக. நான் சமையக்கட்டுல இருந்தேன், தெரியாது. நாலு மணி நேரம் இருந்திருக்கு. இலையோட இலை உரசிக்கிட்டு. இப்ப திரும்பத் திண்ணைக்குக் கொண்டு வந்துட்டேன். அத்தையை ஒண்ணும் சொல்ல முடியாது. என்ன செய்ய?

இட்லிப்பூ | செப்டம்பர் 13, இரவு 10.41

அத்தைகிட்ட செடிக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லி ஒரு வேப்பிலைக் கொத்தைத் தொட்டியில செருகி வைம்மா. ஒருத்தரும் தொடமாட்டாக.

செம்மண்காரர் | செப்டம்பர் 14, காலை 6.20

ஆச்சியின் வைத்தியத்துக்கு மேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

உரசிய ரெண்டு தொட்டியையும் அதே திண்ணைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ஆனால் புதுச் செடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி. அவற்றுக்கு இன்றிலிருந்து தனிக் கணக்கு. முற்றத்தில் அவை நின்ற இடத்தைச் சுற்றி இருந்த தொட்டிகளை வாரம் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் வெளியே தூக்க வேண்டாம், அது முடிகிற காரியம் இல்லை.

முற்றத்துச்செடி | செப்டம்பர் 27, காலை 9.05

இட்லிப்பூ சுத்தம். குரோட்டன்ஸ்ல, நடு நரம்பு ஓரமா ஒரே ஒரு மாவுப்பூச்சி, நல்லா வளர்ந்தது. துடைச்சுட்டேன். ஸ்பிரிட்டுல போட்டேன், இது நீலமாகல, பழுப்பாவே இருக்கு.

அப்ப இது புதுச் செடியிலேர்ந்து வந்ததா, இல்ல போன வருஷத்து மிச்சமா?

செம்மண்காரர் | செப்டம்பர் 27, காலை 9.50

பதினாலு நாளில் அவ்வளவு பெரிதாக வளர்வது கடினம். நீலமும் ஆகவில்லை. ஆகவே போன வருடத்து மிச்சம் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் ஒரே ஒரு பூச்சியை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். புதுச் செடியிலேயே ரெண்டு வகை இருந்திருந்தால்? இன்னும் ஒன்று கிடைத்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பதியன் | செப்டம்பர் 27, காலை 11.15

ஆக, காவல் போட்டது புதுசுக்கு, திருடன் இருந்தது பழைய வீட்ல. நர்சரிக்காரனை மட்டும் திட்டாதீங்க.

முற்றத்துச்செடி | செப்டம்பர் 27, பகல் 12.02

திட்டல அண்ணே. பழைய நாற்பதையும் லென்ஸ் வச்சுப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன், ஒரு நாளைக்கு ஆறு தொட்டி.

கடல்தாண்டி | அக்டோபர் 12, இரவு 7.30

இதைப் படிச்சுட்டு அம்மாவைத் திண்ணையில வைக்கச் சொன்னேன். எங்க வீடு மேற்குப் பார்த்தது. அப்ப எனக்கு எது முன்பக்கம்? காத்துக்குச் சொல்றேன்.

செம்மண்காரர் | அக்டோபர் 13, காலை 6.30

வாசலைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள். ஒரு ஊதுவத்தியை முற்றத்தில் வைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று காலையும் மாலையும் பார்க்கச் சொல்லுங்கள். புகை போகும் பக்கம் செடியை வைக்கலாம். இனி வாடைக்காற்று தொடங்கும், அப்போது பக்கம் மாறும்.

முற்றத்துச்செடி | அக்டோபர் 21, மாலை 6.10

இன்னைக்கு ஆறு வாரம் முடிஞ்சது. செப்டம்பர் 9-க்கு அப்புறம் செம்பருத்தியில ஒண்ணும் இல்ல. வெட்டின நுனியில நாலு கிளை வெடிச்சிருக்கு, மொட்டு அஞ்சு. ஒவ்வொரு மொட்டுக்கும் அந்தப் பச்சை இதழை ஊசியால விரிச்சுப் பார்த்தேன், சுத்தம்.

ஆனா முற்றத்துக்குக் கொண்டு போகல. குரோட்டன்ஸ் கணக்கு நவம்பர் 8 வரைக்கும் இருக்கு, அதுவும் திண்ணையிலதான் நிக்குது. நேத்து ஊதுவத்தி வச்சுப் பார்த்தேன், புகை திண்ணையிலேர்ந்து உள்ள வருது. ஐயா சொன்ன வாடை வந்துருச்சு. குரோட்டன்ஸையும் இட்லிப்பூவையும் முக்காலியையும் கல்லுக் கிண்ணத்தையும் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டு போயாச்சு. செம்பருத்தி மட்டும் இப்ப திண்ணையில தனியா நிக்குது. அத்தை வேப்பிலையை மாத்தி வச்சுட்டுப் போறாக.